சிறுகதை: இரட்டை வாசோ. விவசாயம் தெரிந்தவர்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்

பெகுத் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பெகுவுக்குத் தெற்கே எங்கள் கிராமம். நான் எழுதிய முதல் கதை இது. பாதி எங்கள் வீட்டில் நடந்தது, பாதி நான் சேர்த்தது. வயல் தெரிந்தவர்கள் தேதிகளைப் பாருங்கள். அப்பா என்ற மனிதர் சரியாக வந்திருக்கிறாரா என்றும் சொல்லுங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

அப்பாவின் நாட்காட்டி நெல் களஞ்சியத்தின் கதவில் தொங்கும். ஜனவரி பிறந்ததும் கடைத்தெருவில் வாங்கிவரும் பர்மியத் தாள் நாட்காட்டி. பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும், மூலையில் பொடி எழுத்தில் பர்மிய மாதமும் பிறையும் இருக்கும். அப்பாவின் விரல் நேராக மூலைக்குத்தான் போகும். நடவுக்கு வாசோ பௌர்ணமி, அறுப்புக்குத் தசௌமோன் பௌர்ணமி, இவை இரண்டும் தெரிந்தால் அவருக்கு வருடம் தெரிந்த மாதிரி.

மகன் மலேசியாவில் ஆறு வருடம் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு 2021 கடைசியில் வீடு திரும்பியவன். அடுத்த வருடம் முழுக்க அப்பாவின் பின்னாலேயே நடந்தான். அப்பா என்ன செய்தாலும் போனை எடுத்து அந்தத் தேதியில் குறித்தான். விதைநெல்லைச் சாக்கோடு குளத்தில் ஊறப்போட்டது ஜூன் 8. நடவு தொடங்கியது ஜூலை 16. முதல் பூ கண்டது அக்டோபர் 27. வயலில் நீர் வடித்தது நவம்பர் 15. அறுப்பு நவம்பர் 27. உளுந்து விதைப்பு டிசம்பர் 3. ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஆண்டுதோறும்' என்று தட்டிவிட்டான். அப்பாவின் நாற்பது வருடத்தையும் எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்ட நிம்மதி அவனுக்கு.

2023 ஜூன் 8, விடியற்காலையில் போன் அடித்தது. அவன் சாக்கைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா நாற்றங்காலின் ஓரத்தில் குந்தியிருந்தார். மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. ஒரு கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நொறுக்கிப் பார்."

நொறுங்கவில்லை.

"மழை இன்னும் இதுக்குள்ளே போகலை. போகட்டும்."

சாக்கு ஜூன் 22-ல்தான் குளத்தில் இறங்கியது. ஜூலை 16-ல் போன் நடவுக்கு அடித்தபோது நாற்று ஒரு சாண்கூட இல்லை. "இந்த வருஷம் வாசோ மாசம் ரெண்டு. ரெண்டாவது வாசோ பௌர்ணமி ஆகஸ்ட் 1. அது கழியாமல் நடவாள் வராது" என்றார் அப்பா. ஆகஸ்ட் 3-ல் ஆள் வந்தது. அதற்குள் அவன் போனின் சத்தத்தை நிறுத்திவிட்டிருந்தான். அப்பாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்டோபர் 8, 9 தேதிகளில் பெகுவே மிதந்த அந்த மழை வந்தது. கீழ்வயல் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. எந்த நாட்காட்டியிலும் அது இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அவன் தினமும் வயலுக்குப் போனான். அக்டோபர் 28, காலை பத்து மணி வெயிலில் மேல்வயலில் பூ வந்திருந்தது. வெள்ளையாக, தவிட்டுப் பொடி தூவின மாதிரி. போனைத் திறந்தான். போன வருடம் அக்டோபர் 27. பதினான்கு நாள் பிந்தி ஊறப்போட்ட நெல், பதினெட்டு நாள் பிந்தி நட்ட நெல், ஒரே ஒரு நாள் பிந்திப் பூத்திருக்கிறது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

நவம்பரில் அறுப்பு மேஸ்திரி முன்பணம் வாங்க வந்தார். அப்பா வெற்றிலைத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "வழக்கம்போல, தசௌமோன் கழிந்து இருபதாம் நாள்" என்றார். மேஸ்திரி தலையாட்டிவிட்டுப் போனார். அவன் திண்ணையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினான். தசௌமோன் பௌர்ணமி இந்த வருடம் நவம்பர் 27. இருபது நாள் கூட்டினால் டிசம்பர் 17. போனில் அறுப்பு நவம்பர் 27.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தான். ஜூன் மாதத்துக் கட்டி இன்னும் கையில் இருப்பது போலிருந்தது. 24-ம் தேதி காலையில், "அப்பா, கொஞ்சம் மேல்வயலுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

அப்பா வரப்பில் நின்று ஒரு கதிரை இழுத்தார். உள்ளங்கையில் வைத்து நுனியிலிருந்து அடிவரைக்கும் உருட்டினார். நுனி நெல் நாலைந்து கையோடு வந்துவிட்டது. அடிக்கதிரிலிருந்து ஒரு மணியை உமி நீக்கிப் பல்லில் வைத்துக் கடித்தார். 'கட்'டென்று சத்தம் கேட்டது. இன்னொன்றைக் கடித்தார். அதுவும் அதே சத்தம்.

"நீர் வடிச்சாச்சா?"

"இல்லைப்பா. நீங்க சொல்லலை."

அப்பா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைப்பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்குப் போனார்கள். விகாரையில் காவித் துணி சாத்தும் வரைக்கும் ஆள் வராது என்றார் அவர். 29-ம் தேதி இருபது பேருக்குப் பதில் பதினோரு பேர் வந்தார்கள். இரண்டு நாள் அறுப்பு நாலு நாள் ஆனது. உளுந்தை டிசம்பர் 6-க்குள் போட்டு முடித்தார்கள். மண்ணைப் பிடித்தால் உருண்டை நின்றது, அவ்வளவு ஈரம் மிச்சம் இருந்தது.

இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா கேட்டார், "அந்த மணி ஒவ்வொரு வருஷமும் அதே நாள்தானே அடிக்கும்?"

"ஆமாப்பா."

"இருபது நாள் முன்னாடி அடிக்கச் சொல்லு. மேஸ்திரிகிட்ட பேசணும்."

---

தாட்டன் மாமா

தம்பி, கடித்துப் பார்க்கிற இடம் நன்றாக இருக்கிறது. நுனி நெல் கையோடு வருகிறது, அடிமணி கடித்தால் சத்தம் கேட்கிறது என்றால் அது அறுத்தே ஆகவேண்டிய கதிர். இன்னும் மூன்று வாரம் விட்டால் பாதி வயலிலேயே கொட்டும். கொட்டாமல் நின்றதும் பகல் வெயிலில் காய்ந்து, இரவுப் பனியில் நனைந்து, உள்ளே அரிசியில் கீறல் விழும். ஆலையில் போட்டால் குருணை. விலை போய்விடும்.

நீங்கள் நெல்லின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அது பௌசான் ஜாதியாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் கதையே அதில்தான் நிற்கிறது. பௌசான் நாள் எண்ணாது, பகல் நீளத்தைப் பார்க்கும். மழைக்காலம் முடிந்து பகல் ஓர் அளவுக்குக் குறுகினால்தான் கதிர் கட்டும். ஜூன் ஆரம்பத்தில் விதைத்தாலும் கடைசியில் விதைத்தாலும் பூப்பது அதே வாரம். அதனால்தான் உங்கள் போன் ஜூனில் தப்பாகவும் நவம்பரில் சரியாகவும் அடித்திருக்கிறது. விதைப்பை மழை முடிவு செய்கிறது, பூவைச் சூரியன் முடிவு செய்கிறது. இங்கிலீஷ் தேதி சூரியக் கணக்கு. அதே வயலில் மனோதுக்கா போட்டிருந்தால் கதை வேறு. அது விதைத்த நாளிலிருந்து ஏறக்குறைய நாலரை மாதம். பதினான்கு நாள் பிந்தி விதைத்தால் அறுப்பும் ஏறத்தாழ அவ்வளவு பிந்தும், உங்கள் நவம்பர் மணி பச்சைக் கதிருக்கு அடித்திருக்கும். நெல்லின் பெயரைக் கதையில் ஒரு இடத்திலாவது போடுங்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் வயலில் நின்றவர் இரட்டை வாசோ வருடத்தில் 'கழிந்து இருபதாம் நாள்' என்று சொல்லமாட்டார். வாசோ இரண்டு என்று ஜூலையில் அவரே வாயால் சொல்லிவிட்டு நவம்பரில் மறந்துபோவாரா? இந்த இடம் எனக்கு ஒட்டவில்லை. மகன் புத்திசாலியாகத் தெரிவதற்காக அப்பாவை மட்டாக்கிவிட்டீர்களோ என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

---

வேர் தஞ்சாவூர்

எங்கள் குடும்பம் 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே தஞ்சைப் பக்கம். கதை பிடித்தது, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு சிக்கல் எதற்கு? நம்முடைய தமிழ் மாதமே சூரிய மாதம்தானே. சித்திரை 1 என்றால் ஏப்ரல் 14, ஆடி 1 என்றால் ஜூலை 17, ஒரு நாள் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். இரட்டை மாதம் என்ற பேச்சே கிடையாது. அப்பா தமிழ் மாதத்தை வைத்துக்கொண்டிருந்தால் போனும் அவரும் ஒன்றாகவே போயிருப்பார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் முன்னோர் சொன்னதை விட்டுவிட்டு ஜூனிலேயே விதைப்பதும் எனக்குப் புரியவில்லை.

---

தாட்டன் மாமா

தஞ்சாவூர்த் தம்பி, தமிழ் மாதம் சூரிய மாதம் என்பது ரொம்பச் சரி. வீட்டுக்குள் விசேஷத்துக்கு நாங்களும் அதைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. உங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில். எங்களுக்கு மே கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்துபோகிற மழை. ஆடியில் நாங்கள் முழங்கால் தண்ணீரில் நட்டுக்கொண்டிருப்போம். அப்போது விதைத்தால் நாற்று மூழ்கிப்போகும். என் தாத்தா வந்த புதிதில் ஊர்ப் பழக்கத்தில் ஆடிவரை காத்திருந்து ஒரு வருடம் முழுக்க விட்டார் என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நெல் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது போதும். நடுகிற ஆளும் அறுக்கிற ஆளும் பர்மியர்கள். அவர்களுக்கு வாசோ பௌர்ணமிதான் மழைக்கால விரதத்தின் தொடக்கம், அது கழிந்தால்தான் கை வேலைக்கு வரும். தடின்ஜூட், அதற்கு அடுத்த மாதம் வரும் தசௌமோன் பண்டிகைகளும் அப்படித்தான். அவர்களிடம் போய் கார்த்திகை பதினொன்று என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? 2022-ல் தசௌமோன் பௌர்ணமி நவம்பர் 7, நம் கார்த்திகை தீபம் டிசம்பர் 6. ஒரு மாத வித்தியாசம். 2023-ல் தீபம் நவம்பர் 26, தசௌமோன் நவம்பர் 27, அடுத்தடுத்த நாள். இதை வைத்து ஆளோடு பேசினால் சண்டைதான் வரும்.

---

மௌல்மேன் செல்வி

போன் அலாரம் தப்பாக அடிப்பதைப் பற்றித்தானே பேச்சு? எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. தம்பி மலேசியாவிலிருந்து அனுப்பிய போன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை காலை எட்டு மணிக்கு, அவனே நாட்காட்டியில் குறித்துத்தான் அனுப்பினான். தினமும் ஆறரைக்கே அடிக்கிறது. அம்மா வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை மயங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது. கதையில் வரும் மகனும் மலேசியாவிலிருந்து வந்தவன்தானே, அவன் போனிலும் இதே கோளாறோ?

---

ரங்கூன் வாணி

செல்வி அக்கா, முதலில் உங்களுடையது. உங்கள் தம்பி எட்டு மணி என்று போட்டது மலேசிய நேரத்தில். அவர்களுக்கு நமக்கு ஒன்றரை மணி முன்னால். அங்கே எட்டு என்றால் இங்கே ஆறரை. அந்தக் குறிப்பைத் திறந்து, நேர மண்டலம் என்ற இடத்தில் ரங்கூனை வைத்துவிட்டு, எட்டு மணி என்று மறுபடி போடுங்கள். போனின் கடிகாரம் சரியாகக் காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், குறிப்புக்குள் தனியாகப் பழைய ஊர் உட்கார்ந்திருக்கும். அதுவரை தாளில் எழுதி மாத்திரை டப்பா மேல் ஒட்டிவிடுங்கள். மயக்கத்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள் அக்கா.

கதைக்கு வருகிறேன். மகன் போட்டதெல்லாம் ஒரு நாளைக்கான குறிப்பு என்றால் இந்த ஒன்றரை மணிச் சிக்கல் வராது. அவன் சிக்கல் 'ஆண்டுதோறும்' என்ற அந்த ஒரு தட்டல்தான். அந்தக் குறிப்பைக் கோப்பாக வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே இப்படித்தான் இருக்கும்:

```
DTSTART;VALUE=DATE:20221127
RRULE:FREQ=YEARLY
SUMMARY:அறுப்பு
```

ஒவ்வொரு ஆங்கில வருடமும் நவம்பர் 27, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பிறையும் தெரியாது, மழையும் தெரியாது. என் யோசனை: பர்மிய விடுமுறை நாட்களை நாட்காட்டியில் சேர்த்துவிட்டால் பௌர்ணமியெல்லாம் அந்தந்த வருடத்துச் சரியான தேதியில் தானாக வந்துவிடும். அப்புறம் பிரச்சினையே இல்லை.

---

பெகுத் தம்பி

வாணி அக்கா, விடுமுறை நாட்களை நானும் சேர்த்துப் பார்த்தேன். பௌர்ணமி சரியாக வருகிறது. ஆனால் 'பௌர்ணமி கழிந்து இத்தனை நாள்' என்று ஒரு குறிப்பை அதோடு கட்டிவைக்க வழி இல்லையே. ஒவ்வொரு வருடமும் நானே எண்ணித்தான் போட வேண்டியிருக்கிறது. அதுவும் தவிர, எத்தனை நாள் என்பதுதானே இங்கே கேள்வி. 2022-ல் தசௌமோனுக்கும் அறுப்புக்கும் நடுவில் இருபது நாள். 2023-ல் தசௌமோன் அன்றைக்கே நெல் தயார், பூஜ்யம். 2024-ல் தசௌமோன் நவம்பர் 15, நெல் அதே 27 பக்கம், பன்னிரண்டு நாள். பௌர்ணமி நகர்கிறது, நெல் நகரவில்லை.

---

ரங்கூன் வாணி

சரிதான், நான் பாதியோடு நிறுத்திவிட்டேன். தம்பி, அப்படியென்றால் மூன்று தனி நாட்காட்டியாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பூ, நீர் வடிப்பு, பௌசான் அறுப்பு இதெல்லாம் ஆண்டுதோறும் வரட்டும். ஆள் பேசுவது, முன்பணம் இதெல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருடா வருடம் கையால் போடுங்கள், ஜனவரியில் அப்பா புது நாட்காட்டி வாங்கி வரும்போதே உட்கார்ந்து போட்டுவிடலாம், கால் மணி நேர வேலை. நாற்றுக்கு மட்டும் தேதியே வேண்டாம். விதை குளத்தில் இறங்கிய அன்று ஒரு குறிப்பு, அதிலிருந்து முப்பத்தைந்தாம் நாள் நாற்றின் வயது பார்க்க ஒரு குறிப்பு, போதும். இதெல்லாம் இணையம் இல்லாமலேயே வேலை செய்யும், போனில் சார்ஜ் இருந்தால் சரி.

---

வயல்வெளி ரவி

எல்லாம் சரி, ஆனால் இப்போது பெகுப் பக்கம் அறுப்பு இயந்திரம் நிறைய வந்துவிட்டதே. இயந்திரத்துக்குப் பண்டிகை கிடையாது. நவம்பர் 25-லேயே இறக்கியிருந்தால் கதையே இல்லையே? எங்களுக்கு ஏழு ஏக்கர், ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

---

பெகுத் தம்பி

ரவி அண்ணே, 24-ம் தேதிவரை நீர் வடிக்கவில்லை. மேல்வயலே சேறு. கீழ்வயல் அக்டோபர் வெள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. இயந்திரக்காரர் வந்து வரப்பிலிருந்தே பார்த்துவிட்டு, இறக்கினால் மாட்டிக்கொள்ளும் என்று திரும்பிப் போய்விட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வடித்திருந்தால் தரை இறுகி இயந்திரம் தாங்கியிருக்கும். 15-ம் தேதி போன் அதற்கும் சத்தமில்லாமல் குறிப்புக் காட்டியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. இதைக் கதையில் சேர்க்க வேண்டும், நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

மாமா, நீங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னது இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வயல் அப்பா பார்ப்பார், ஆள் பேசுவது பெரியப்பா. மேஸ்திரியிடம் எந்த நாள் என்று சொல்வது, முன்பணம் கொடுப்பது, கூடைக் கணக்கு எல்லாமே பெரியப்பாதான். 2022 அறுப்பு முடிந்து உளுந்து காய் பிடிக்கும் நேரத்தில் அவர் தவறிவிட்டார். அடுத்த வருடம் முதல் தடவையாக அப்பா மேஸ்திரியின் முன்னால் உட்கார்ந்தபோது, அண்ணன் கடைசியாகச் சொன்னது 'இருபது' என்பது மட்டும்தான் அவர் காதில் இருந்தது. அதையே அவரும் சொன்னார். கதையில் பெரியப்பாவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

---

தாட்டன் மாமா

இப்போது எனக்கு அப்பா புரிகிறார். தம்பி, பெரியப்பாவைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். அவர் இல்லாமல் அந்த 'வழக்கம்போல' என்ற சொல் வெறும் மறதியாக நிற்கிறது. அவர் இருந்தால் அது வேறு சொல்.

2023-க்கு அடுத்த இரட்டை வாசோ 2026-ல். பத்தொன்பது வருடத்துக்கு ஏழு தடவை வரும் கணக்கு அது. எங்கள் பக்கம் சில பெரியவர்கள் அந்த வருடத்தில் எண்ணிக்கையிலிருந்து இருபதைக் கழித்துவிடு என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முந்தின வருடத்தோடு ஒப்பிட்டால்தான் அது சரியாக வரும். நான் எண்ணுவது பூவிலிருந்து. பாதி வயல் பூத்த நாளிலிருந்து முப்பதாம் நாள் போய்க் கதிரை உருட்டுவேன். உங்கள் கதையில் அக்டோபர் 28, முப்பது நாள், நவம்பர் 27. பார்த்தீர்களா, உங்களுக்கு இரண்டு நாட்காட்டியும் வேண்டியிருக்கவில்லை.

---

ரங்கூன் வாணி

ஆனால் மாமா, பூவிலிருந்து முப்பது நாள் என்றால் ஆளுக்கு முன்பணம் கொடுக்க அதற்கு முன்னாலேயே ஒரு தேதி தெரிய வேண்டாமா? பூத்த பிறகு மேஸ்திரியிடம் போனால் அவர் வேறு வயலுக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டாரா?

---

தாட்டன் மாமா

எங்கள் காலத்தில் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதுமாக இருந்தது. இப்போது பிள்ளைகள் எல்லாம் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டதால் ஆள் கிடைப்பதில்லை. தடின்ஜூட்டுக்கு முன்பே பேசிவைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அது உண்மையானால் தம்பியின் மணிதான் வேண்டும், என் பூக்கணக்கு பிந்திவிடும். பெகுப் பக்கம் எப்படி?

---

பெகுத் தம்பி

இங்கேயும் அப்படித்தான் மாமா, சில மேஸ்திரிகள் தடின்ஜூட்டுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு வருகிறவர் பழைய ஆள், நவம்பர் முதல் வாரம்வரை காத்திருப்பார். இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பார் என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

நேற்று பெரியம்மாவிடம் போய்ப் பெரியப்பாவின் கணக்கு நோட்டைக் கேட்டேன். அரிசிப் பானைக்குப் பக்கத்துத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூடைக் கணக்குக்கு நடுவில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே ஓர் எண் தனியாக எழுதியிருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அதை வைத்து இந்தப் பகுதியை எழுதியிருக்கிறேன். அப்பா மடைப்பக்கம் நடந்த பிறகு, மேஸ்திரி வீட்டுக்குப் போகும் முன்னால் வரும்:

*அப்பா களஞ்சியத்துக்குள் போய்ப் பெரியப்பாவின் நோட்டை எடுத்துவந்தார். நீலக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, ஓரமெல்லாம் எலி கடித்தது. கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். 2020-க்கு நேரே 28 என்றிருந்தது. 2021-க்கு 9. 2022-க்கு 20. அவன் போனில் ஒவ்வொரு வருடத்துத் தசௌமோனையும் தேடி எண்ணிப் பார்த்தான். மூன்றுமே நவம்பர் 27-க்கு வந்து நின்றன.*

*"அண்ணன் ஒவ்வொரு வருஷமும் எண்ணியிருக்கார்" என்றார் அப்பா. "நான் அவர் சும்மா சொல்றார்னு நினைச்சேன்."*

*நோட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு, இந்த வருடத்துக்கு என்ன எண் என்று கேட்டார். அவன் பூஜ்யம் என்றான். அப்பா பென்சிலை நாக்கில் தொட்டு, அண்ணன் எழுதிய எண்ணுக்குக் கீழே, வட்டமாகப் போட்டார்.*